‘உணவு வழங்கப்பட்டது’ என்றால் யார் சமைத்தது?

“1978-இல் ரயில்வேயில் சேர்ந்தேன். தாமிரபரணிக் கரைப் பக்கம் ஒரு சிறிய நிலையத்தில் உதவி நிலைய அதிகாரியாகப் பணியாற்றினேன். இரவுப் பணி அதிகம். 1992 நவம்பர் 13 வெள்ளத்தில் ரயில் பாதை பாதிக்கப்பட்டது. ஒரு பயணிகள் ரயில் எங்கள் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. பயணிகளுக்கு உணவு வழங்கப்பட்டது. மறுநாள் போக்குவரத்து சீரானது.”

பேரப்பிள்ளைகளுக்காக என் பெரியப்பா எழுத ஆரம்பித்த வாழ்க்கைக் குறிப்பில், அந்த வெள்ளத்துக்குக் கிடைத்த இடம் இவ்வளவுதான். படித்துப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆண்டு இருக்கிறது, தேதி இருக்கிறது, நடந்தது வரிசையாக இருக்கிறது. ஆனால் இதை அவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. அந்த நிலையத்துக்கே போகாத ஒருவர், பழைய கோப்பைப் பார்த்து எழுதிவிடலாம்.

இப்படி மெலிந்து கிடக்கும் குறிப்பைப் பார்த்ததும் பலரும் செய்வது, அதற்கு நகை பூட்டுவது. ‘கார்மேகங்கள் திரண்டு வானம் பொத்துக்கொண்டது’ என்று ஒரு வரி. ‘அந்த இரவை என்னால் மறக்கவே முடியாது’ என்று இன்னொரு வரி. பக்கம் நீளும், விஷயம் நீளாது. சேர்த்த வரிகள் எல்லாம் எந்த ஊர் வெள்ளத்துக்கும் பொருந்துபவை. குறிப்பு மெலிந்திருப்பதற்குக் காரணம் சொல் பஞ்சம் இல்லை. எழுதியவர் அங்கே நின்றதற்கான தடயம் எழுத்தில் இல்லை. அந்தத் தடயத்தை அவரிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்பதைத் தமிழ் இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது. மேலே உள்ள குறிப்பில் பாதை ‘பாதிக்கப்பட்டது’, ரயில் ‘நிறுத்தப்பட்டது’, உணவு ‘வழங்கப்பட்டது’. அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இந்த ‘பட்டது’ கையோடு வந்துவிடும். பேசும்போது நாம் அப்படிச் சொல்வதில்லை. ‘கல்யாணத்தில் சாப்பாடு பரிமாறப்பட்டது’ என்று யாரும் வீட்டில் வந்து சொல்ல மாட்டார்கள். எழுத்தில் ‘பட்டது’ வரும் இடத்தில் எல்லாம் ஓர் ஆள் மறைந்து நிற்கிறார். அவரை வெளியே கூப்பிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ரயிலை நிறுத்தியது யார்? சமைத்தது யார்? பாதை போய்விட்டது என்று வந்து சொன்னது யார்?

பென்சிலால் மூன்று ‘பட்டது’க்கும் அடிக்கோடிட்டு, பெரியப்பா முன்னால் உட்கார்ந்தேன். முதலில் வாயில் வருவது ‘அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ என்ற கேள்விதான். அதைக் கேட்டால் கிடைக்கக்கூடிய பதில் எல்லோருக்கும் தெரியும். ‘கஷ்டமாத்தான் இருந்துச்சு.’ உணர்ச்சியை நேராகக் கேட்டால், அதற்கென்று தயாராக வைத்திருக்கும் சொல்லைத்தான் மனம் எடுத்துக் கொடுக்கும். மகிழ்ச்சி, வருத்தம், பயம், பெருமை என்று நாலைந்து சொற்கள் எல்லோரிடமும் உண்டு. அவை பொய் இல்லை, ஆனால் யாருடையவையும் இல்லை. ஆகவே உணர்ச்சியைப் பிறகு கேட்கலாம் என்று வைத்துக்கொண்டு, கவனித்ததை முதலில் கேட்பது நல்லது. கண், காது, மூக்கு, கை இவற்றுக்குத் தயார்ச் சொற்கள் கிடையாது.

“அந்த ராத்திரி நீங்க எங்கே உக்காந்திருந்தீங்க? முன்னால என்ன இருந்துச்சு?” என்று கேட்டேன்.

மேசை, பதிவேடு, அரிக்கேன் விளக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், டோக்கன் கருவிக்கு வந்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாளில் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடாமல் காத்தது அந்தக் கருவி. இரும்புப் பெட்டி, அதற்குள் உலோகப் பந்துகள். அடுத்த நிலையத்துக்காரர் மணி அடித்து, பேசி, ‘லைன் கிளியர்’ கொடுத்தால்தான் இந்தப் பக்கம் ஒரு பந்து வெளியே உருளும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை அந்தப் பகுதிக்கு இன்னொரு பந்து இரண்டு பக்கத்திலும் வராது. பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியில் இருப்பவர் கைக்கு நீட்டுவார்கள். பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது.

“அன்னைக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?”

“சத்தம் கேட்டதைக் கேக்காதே. சத்தம் நின்னதைக் கேளு,” என்றார். கன்ட்ரோல் போன் என்று ஒன்று உண்டு. அந்தப் பாதையில் உள்ள எல்லா நிலையத்துக்கும் ஒரே கம்பி. கட்டுப்பாட்டு அறை யாரோடு பேசினாலும் எல்லோர் காதிலும் விழும். இரவு முழுக்க அதில் ஏதாவது குரல் முனகிக்கொண்டே இருக்கும். வண்டி எண், நேரம், யாரோ ஒருவரைத் திட்டும் சத்தம். “அது ஓடிக்கிட்டே இருக்குறதால காதுல விழவே விழாது. ஒம்பதரை மணி இருக்கும். திடீர்னு மழைச் சத்தம் மட்டும் கேக்குது. என்னடா மழை பலத்துட்டோன்னு பார்த்தேன். மழை பலக்கல. போன் செத்துப் போச்சு.”

பயமாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மழை பலத்துவிட்டது என்று நினைத்து, பிறகு காரணத்தைக் கண்டுபிடித்த அந்த ஒரு கணத்தில் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் உணர்ச்சியைக் கேட்டேன், அதுவும் உடம்பு வழியாக: “உடனே என்ன செஞ்சீங்க?” எழுந்து போய் டோக்கன் கருவியைத் தொட்டுப் பார்த்தாராம். தொட்டால் எதுவும் ஆகப்போவதில்லை, பந்து வராது என்று தெரியும். ஆனாலும் தொட்டார். “ஏன் தொட்டீங்க?” என்று கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தெரியல. இருக்கான்னு பாக்குற மாதிரி,” என்றார். குறிப்பில் சேர்க்கத் தகுந்த வரி அது. காரணம் சொல்ல முடியாத செய்கைகளை எழுதுகிறவர்கள் பொதுவாக விட்டுவிடுவார்கள். கேட்பவர்தான் அவற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

“என்னட்டி, போலீஸ்காரன் கணக்கா கேக்கே?” என்று இடையில் சிரித்தார். போலீஸ்காரர்களிடமிருந்து வந்த முறைதான் இது, ஒரு வகையில். ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1980-களில், சாட்சிகளை விசாரிப்பதற்கென்று ஒரு முறையை வகுத்தார்கள். கேள்விமேல் கேள்வி போட்டுத் துளைப்பதற்குப் பதிலாக, சாட்சியை மனதால் அந்த இடத்துக்கே திருப்பிக் கூட்டிப்போவது அதன் சாரம். வெளிச்சம் எப்படி, எங்கே நின்றீர்கள், என்ன வாசனை என்று முதலில் இடத்தைக் கட்டி எழுப்புவது. முக்கியம் இல்லை என்று தோன்றுவதையும் விடாமல் சொல்லச் சொல்வது. நடந்ததைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வது. பின்னோக்கிப் போகும்போது, பலமுறை சொல்லித் தேய்ந்த கதை பாதையை விட்டு விலகுகிறது. அப்போது, வழக்கமான கதையில் இடம் கிடைக்காத சில்லறை விவரங்கள் எட்டிப் பார்க்கின்றன.

பெரியப்பாவிடம் அதையே செய்தேன். “விடியக்காலையிலிருந்து பின்னால வாங்க,” என்றேன். விடியும்போது பிளாட்பாரத்தில் என்ன கிடந்தது? “டம்ளர்,” என்றார் உடனே. யாருடைய டம்ளர்? டீக்கடைக்காரருடையது. எதற்கு? கஞ்சிக்கு. இப்படியாக ‘உணவு வழங்கப்பட்டது’ திறந்துகொண்டது.

சமைத்தது பாயின்ட்ஸ்மேனின் மனைவி, குவார்ட்டர்ஸ் வாசலில், தாழ்வாரத்துக்கு அடியில். அரிசி அவர் வீட்டில் பாதி, பெரியப்பா வீட்டில் பாதி. அண்டா, துணி துவைக்க வெந்நீர் வைக்கும் அண்டா. விறகு முழுக்க நனைந்து புகைந்ததே தவிர எரியவில்லை. கடைசியில் நிலையத்துக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்த பழைய மரச் சிலீப்பர் கட்டை ஒன்றைப் பிளந்து போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் அந்தக் கட்டைகள் மக்காமல் இருக்க எண்ணெயில் ஊறவைத்தவை. திகுதிகுவென்று பிடித்தது. கஞ்சி முழுக்கத் தார் வாசனை. டம்ளர் பன்னிரண்டுதான் இருந்ததால், குடித்தவர் மழைத் தண்ணீரில் கழுவி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில்.

“இதை ஏன் எழுதல?”

“சிலீப்பர் கட்டை ரயில்வே சொத்துல்லா!” என்றார்.

ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆன பிறகும் அந்தக் கட்டைக்குக் கணக்குக் கேட்பார்களோ என்ற தயக்கம். ‘வழங்கப்பட்டது’ என்பதற்குப் பின்னால் நின்ற ஆட்களில் அவரும் ஒருவர். எல்லா மெலிந்த குறிப்புகளும் சோம்பலால் மெலிவதில்லை. சில வரிகள் வேண்டுமென்றேதான் சுருங்கியிருக்கின்றன. அப்படிப்பட்ட வரியில் மோதும்போது, எழுதியவரின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியைப் போட வேண்டும். சிலீப்பர் கட்டையைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார், ஆகவே எழுதலாம். அதே இரவு பெரியம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டபோது, “அது வேண்டாம்,” என்று எழுந்து போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். கேட்பதற்கு உரிமை இருக்கிறது என்பதால் பதிலுக்கும் உரிமை வந்துவிடாது.

பயணிகளைப் பற்றிக் கேட்டபோது முதலில் எதுவும் வரவில்லை. ‘ஜனங்க ரொம்பப் பேரு’ என்றார். கூட்டத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. “ஒரே ஒருத்தரைச் சொல்லுங்க” என்று மாற்றிக் கேட்டதும், கூடைக்குள் சேவல் வைத்திருந்த ஒரு தாத்தா வந்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சேவல் கூவியிருக்கிறது. விடிந்துவிட்டது என்று பாதிப் பெட்டி எழுந்து உட்கார்ந்ததாம். அந்தத் தாத்தாவை ஆளாளுக்குத் திட்டியிருக்கிறார்கள். பெரியப்பா இதைச் சொல்லும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. வெள்ள நாளைப் பற்றிய குறிப்பில் சிரிப்பு வரலாமா என்று அவருக்கே சந்தேகம். வந்தால்தான் அது அவருடைய வெள்ளம்.

இந்த முறையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கேட்கிறவர் விரும்பும் பதிலைச் சொல்கிறவரின் நினைவு தானாகவே தயாரித்துக் கொடுத்துவிடும். எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களுக்குக் கார் மோதும் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம் ‘கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் இருக்கும்?’ என்றும், இன்னொரு பிரிவினரிடம் ‘மோதி நொறுங்கியபோது என்ன வேகம் இருக்கும்?’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர், பார்த்தோம் என்றார்கள். ‘இடித்த’ என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர் மட்டும் அப்படிச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

ஆகவே ‘பயந்துட்டீங்களா?’ என்று கேட்பதற்கும் ‘அப்புறம் என்ன செஞ்சீங்க?’ என்று கேட்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. முதல் கேள்வி பதிலைக் கையில் திணிக்கிறது. ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளைத் தவிர்த்தால் இந்த ஆபத்து பாதி குறையும். மீதிப் பாதிக்கு, சொன்னதைச் சரிபார்ப்பது ஒன்றே வழி.

ஓர் உதாரணம். “அன்னைக்கு அமாவாசை இருட்டு. கை நீட்டுனா கை தெரியாது,” என்று பெரியப்பா உறுதியாகச் சொன்னார். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் 1992 நவம்பர் 10 பௌர்ணமி. 13-ஆம் தேதி இரவு என்பது பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். மேகம் இல்லாவிட்டால், நல்ல வெளிச்சத்தோடு நிலா மேலே வந்திருக்க வேண்டிய இரவு. அவர் பொய் சொல்லவில்லை. இருட்டாக இருந்தது உண்மை, மழை மேகத்தால். அந்த இருட்டுக்கு நம் பேச்சில் ‘அமாவாசை இருட்டு’ என்று பெயர் தயாராக இருப்பதால், வருடங்கள் போகப்போக உவமை தகவலாக மாறிவிட்டது. எழுத்தில் இருட்டு நிற்கட்டும், அமாவாசை போகட்டும் என்று முடிவு செய்தோம். நிலா, கிழமை, பண்டிகை, பஸ் கட்டணம், ஓடிய சினிமா என்று எளிதில் சரிபார்க்கக்கூடியவற்றை எல்லாம் பார்த்துவிடுவது நல்லது. தார் வாசனையைச் சரிபார்க்க முடியாது. அதற்கு அவர் சொல்தான் சாட்சி. அதனால்தான், சரிபார்க்க முடிந்தவை சரியாக இருக்க வேண்டும்.

கேட்டு எழுதிக்கொண்டது நோட்டுப் புத்தகத்தில் பல பக்கம் வந்தது. எல்லாவற்றையும் போட்டால், அது வேறு வகை நோய். டோக்கன் பந்தின் வேலைப்பாட்டை அவர் விரிவாக எழுத ஆசைப்பட்டார். கையில் வளையம் பட்டுப் பட்டுக் கன்றிப்போவதையும் சொன்னார். அதற்குத் தனி அத்தியாயம் எழுதச் சொல்லி எடுத்துவைத்தேன். அந்த இரவின் பத்தியில் எது நிற்க வேண்டும் என்பதற்கு நான் பார்த்தது ஒன்றே ஒன்று: இந்த வரியை வேறொரு நிலையத்தில் இருந்த வேறொரு அதிகாரி எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் வெட்டு. ‘மழை கொட்டித் தீர்த்தது’ போயிற்று. ‘மக்கள் தவித்தனர்’ போயிற்று. கடைசியில் அவரே உட்கார்ந்து எழுதியது இப்படி வந்தது:

“ஒன்பதரை மணி வாக்கில் மழைச் சத்தம் திடீரென்று கூடியது போல இருந்தது. கூடவில்லை. கன்ட்ரோல் போன் நின்றுபோயிருந்தது. எழுந்து போய் டோக்கன் கருவியைத் தொட்டுப் பார்த்தேன். பயணிகள் வண்டி லூப் லைனில் நின்றது. டிரைவர் வந்து கையை நீட்டினார். கொடுக்க என்னிடம் பந்து இல்லை. பத்து மணிக்கு மேல் கேங்மேன் ஒருவர் தொப்பலாக வந்து, ‘சார், ஜல்லி பூரா அரிச்சுட்டுப் போச்சு. தண்டவாளம் அந்தரத்துல தொங்குது’ என்றார். அதைக் கேட்டதும் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பாயின்ட்ஸ்மேன் வீட்டம்மா கஞ்சி காய்ச்சினார். விறகு எரியாததால் பழைய சிலீப்பர் கட்டையைப் பிளந்து போட்டோம். அது ரயில்வே சொத்து. கஞ்சியில் தார் வாசம் அடித்தது. உப்பும் பற்றவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு ஒருவர் கூடையில் இருந்த சேவல் கூவிற்று. எல்லோரும் வெளிச்சம் வரப்போகிறது என்று எழுந்து உட்கார்ந்தார்கள்.”

பயம், கவலை, நன்றி என்று ஒரு சொல்லும் இதில் இல்லை. டிரைவரும் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன் என்பது நான் கேட்டு வந்ததும் இல்லை. எழுதும்போது அவராகவே சேர்த்தது. கவனித்ததைக் கேட்கத் தொடங்கினால், ஒரு கட்டத்துக்கு மேல் எழுதுகிறவருக்கே கண் திறந்துகொள்ளும். அப்போது நோட்டை மூடிவிட்டுக் கேட்பவர் நகர்ந்துகொள்ள வேண்டும்.

எல்லா எழுத்தையும் இப்படிப் பிரிக்க வேண்டும் என்பதும் இல்லை. அன்று நிலைய டைரியில் அவர் எழுதியது ஒரே வரிதான் இருந்திருக்கும். அதைப் படிக்கிற அதிகாரிக்கு வேண்டியது நேரமும் பாதையின் நிலையும். அங்கே சேவலுக்கு வேலை இல்லை. விபத்து அறிக்கை, மனு, மருத்துவரிடம் சொல்லும் நோய் விவரம் எல்லாம் மெலிந்து இருப்பதே நல்லது. பேரப்பிள்ளைகள் படிக்கப்போகும் குறிப்பை டைரி மாதிரி எழுதினால்தான் சிக்கல்.

கடைசி வாக்கியம் பாக்கி இருந்தது. ‘மறுநாள் போக்குவரத்து சீரானது.’ சீரானது என்று எப்படித் தெரிந்தது, எந்த வண்டி முதலில் வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டேன். பெரியப்பா வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். மறுநாள் வண்டி வரவில்லை. நின்றிருந்த வண்டியின் டீசல் இஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, பின்பக்கம் மாட்டி, வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பாதை நன்றாக இருக்கிறதா என்று முன்னால் ஆட்கள் நடந்து பார்த்துவிட்டு வந்த பிறகு. இஞ்சின் தனியாகப் போய்ச் சுற்றி வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். சேவல்காரத் தாத்தா அதைப் பார்த்துவிட்டு, தங்களை விட்டுவிட்டு இஞ்சின் மட்டும் ஊருக்குப் போகிறது என்று சண்டைக்கு வந்தாராம். அப்படியானால் அடித்துப்போன பக்கம் பாதை எப்போது சரியானது? பழைய கேட்கீப்பருக்குப் போன் போட்டார். அவர் நான்கு நாள் என்றார். பெரியப்பாவுக்கு ஒரு வாரம் என்று ஞாபகம். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள், முடிவாகவில்லை. ‘சில நாள்கள் அந்தப் பக்கம் வண்டி இல்லை’ என்று திருத்தி எழுதினார்.